சிறுகதை: ஒரே பானை. டாக்டர் வரும் இடங்கள் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்

வாசன் (சாட்ஸ்வர்த்)

எல்லோருக்கும் வணக்கம். கோயில் தீபாவளி மலருக்கு எழுதியது. மருத்துவம் தெரிந்தவர்கள் கணக்கைப் பாருங்கள், கதை தெரிந்தவர்கள் முடிவைப் பாருங்கள். மலருக்குக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது, தாராளமாகத் திட்டலாம்.

*ஒரே பானை*

அம்மாவின் கரண்டிக்கு இரண்டு கணக்கு. தேவனின் தட்டுக்கு வரும்போது பானையின் மேலாகத் தடவிவிட்டு வரும். லோகனின் தட்டுக்கு வரும்போது அடிவரை போய், எலும்போடு ஒட்டிய கொழுப்பையும் சேர்த்து அள்ளி வரும்.

"ஓடுற பிள்ளை. சாப்பிடட்டும்."

தேவனுக்கு வயது 46, எடை 104 கிலோ. லோகனுக்கு 41, எடை 63. லோகன் காம்ரேட்ஸ் ஓடியவன். மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டரை, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் காலால் கடந்து, மெடலோடு வந்தவன். அந்த மெடல் சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதற்கும் பக்கத்தில் அப்பா. அவரும் ஒல்லி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், கத்தியைத் துடைத்து ஓரமாக வைத்தார், "கொஞ்சம் படுக்கிறேன்" என்றார். 44 வயது. வேலைதான் அவரைத் தின்றுவிட்டது என்று ஊரே சொன்னது.

மாலில் இருக்கிற மருந்துக்கடையில் இலவசமாக விரலில் குத்திக் கொலஸ்டிரால் பார்க்கிறார்கள் என்று தேவனின் மனைவி இருவரையும் இழுத்துப்போனாள். தேவனை மிரட்டுவதற்காகத்தான். சிஸ்டர் தேவனின் விரலைக் குத்தினாள். 4.4. லோகனின் விரலைக் குத்தினாள். 8.9. அவள் பட்டையை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தாள். 8.8.

"மெஷின் மாத்திக் காட்டுது," என்றாள் அம்மா, வீட்டில். "அவன் நம்பரை இவனுக்குப் போட்டிருக்கு."

டாக்டர் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். மொத்தம் 8.9, நல்ல கொழுப்பான எச்டிஎல் 1.3, டிரைகிளிசரைடு 1.1, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 7.1. டாக்டர் தாளைப் பார்த்தார். லோகனைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"நீங்க ஓடுறவர். உடம்புல சதையே இல்லை. எண்ணெய், மட்டன் குறைச்சு மூணு மாசம் பாருங்க."

லோகன் மூன்று மாதமும் புரட்டாசி ஆக்கினான். மட்டன் இல்லை, நெய் இல்லை, சமோசா இல்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. எல்டிஎல் 6.7. டாக்டர், "இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு," என்றார்.

அவனுடைய கவலை வேறு. குதிகால் நரம்பு. இரண்டு வருடமாகக் காலையில் முதல் பத்தடி நொண்டுகிறான். படியின் விளிம்பில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றும் பயிற்சி, ஷூவுக்குள் திண்டு, ஐஸ், எல்லாம் ஆயிற்று. வழக்கமான பிசியோ லீவில் போக, புதிதாக வந்த பெண் அவன் வலது குதிநரம்பை விரல்களுக்கு நடுவில் பிடித்தாள். பிறகு, கேட்காமலேயே, வலிக்காத இடதையும் பிடித்தாள். இரண்டும் அவள் கட்டைவிரல் தடிமன். "கையைக் காட்டுங்க, அங்கிள்." முஷ்டி பிடிக்கச் சொல்லி, கணுக்களின் மேலே ஓடுகிற நரம்பைத் தடவினாள். அங்கே பட்டாணி மாதிரி ஏதோ ஒன்று, அவள் விரலோடு நகர்ந்தது.

"உங்க அப்பா இருக்காரா?"

அவள் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு லோகன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே இருந்த டாக்டர் மட்டனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டார். சித்தப்பாவைப் பற்றிக் கேட்டார். மகளின் வயதைக் கேட்டார். மாத்திரை எழுதினார்.

தேவனின் எல்டிஎல் 2.6.

அடுத்த ஞாயிறு. அம்மாவின் கரண்டி பானைக்குள் போய் நின்றது. எந்தத் தட்டு என்று அதற்குத் தெரியவில்லை. தேவன் தன் தட்டை முன்னால் தள்ளினான்.

"அடியிலிருந்து போடும்மா. நாற்பது வருஷ பாக்கி."

முருகன் (டோங்காட்)

வாசன் அண்ணா, கரண்டி அபாரம். எங்கள் வீட்டில் நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிய மாதிரி இருக்கிறது. ஆனால் மருத்துவம் இடிக்கிறது. 63 கிலோ ஆளுக்கு, அதுவும் காம்ரேட்ஸ் ஓடுகிறவனுக்கு, 7.1 எப்படி வரும்? இந்த ஊரில் பாதி ஓட்டக்காரர்கள் பான்டிங் டயட்டில் இருக்கிறார்கள். சோறு, ரொட்டியை நிறுத்திவிட்டு வெண்ணெயும் பேக்கனும். அப்படிப்பட்ட ஒல்லி ஆட்களுக்கு எல்டிஎல் எகிறும், நானே பார்த்திருக்கிறேன். லோகனை பான்டிங் ஆளாக்கிவிட்டால் கதை நம்பும்படி இருக்கும். இன்னொன்று, அவனுக்கு எச்டிஎல் நன்றாக இருக்கிறது, தினமும் ஓடுகிறான். அப்படிப்பட்டவனுக்கு அந்த எல்டிஎல் ஒன்றும் செய்யாது. ஆபத்து தேவனுக்குத்தான். அவனுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா?

மல்லிகா (கேப்டவுன்)

நான் கொழுப்பு நோய்க்கான கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பிசியோ பெண்ணுக்கு நான் கைதட்டிவிட்டேன். வலிக்காத காலையும் பிடித்துப் பார்த்தாளே, அதுதான் வேலை தெரிந்தவள். குதிநரம்பு என்று நாம் சொல்வது கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டுகிற நாண். ஓடி ஓடி அடிபட்ட குதிநரம்பு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் தடிக்கும், வலிக்கிற இடத்தில் முடிச்சாக இருக்கும். லோகனுக்கு இருப்பது பிறவிக் கொழுப்பு, ஜீன் வழியாகப் பெற்றோரிடமிருந்து வருகிற நோய். அதில் கொழுப்பு படிந்த நரம்பு இரண்டு காலிலும், நீளவாக்கில் முழுசாகத் தடிக்கும். கூடவே கைக்கணுவிலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓட்டக்காரர்கள் இரண்டு மூன்று வருடம் பிசியோவிடம் அலைந்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஓடுகிறவனுக்கு அங்கே வலிப்பது சகஜம்தானே. பயந்தது ஒன்றுக்குத்தான். வலிக்கு அந்த நரம்பிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடுவார்கள், பலவீனமான நரம்பு அறுந்துபோகும்.

முருகன் தம்பி, பான்டிங் விஷயத்தில் நீங்கள் சொல்வது நடக்கிறதுதான். ஒல்லியானவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் சிலருக்கு எல்டிஎல் பயங்கரமாக ஏறும். ஆனால் அவர் சில வாரம் சோறு சாப்பிட்டால் இறங்கிவிடும். லோகன் மூன்று மாதம் பட்டினி கிடந்து 7.1-லிருந்து 6.7-க்கு வந்திருக்கிறான். பிறவிக் கொழுப்பில் சாப்பாடு அவ்வளவுதான் செய்யும், பத்து சதவீதம் குறைந்தாலே நல்ல ஆள் என்போம். அப்புறம், கணுவில் பட்டாணி வர ஒரு வருட வெண்ணெய் போதாது. அது பிறந்ததிலிருந்து ஏறிய கணக்கு.

எச்டிஎல் நல்லது, ஓட்டம் நல்லது. ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் ஏழை ரத்துசெய்யாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 7.1-ஐ 41 வருடத்தால் பெருக்கினால் 291. அண்ணனுக்கு 2.6-ஐ 46-ஆல் பெருக்கினால் 120. தம்பியின் ரத்தக்குழாய் அண்ணனுடையதைவிட இரண்டரை மடங்கு எல்டிஎல் பார்த்துவிட்டது. இப்போதைய அளவைவிட எத்தனை வருடமாக அந்த அளவு என்பதுதான் ஆளை அடிக்கிறது. அதனால்தான் டாக்டர்கள் வழக்கமாக வயது, புகை, பிரஷர் போட்டு பத்து வருட ஆபத்து பார்க்கிற அட்டவணையை இந்த நோய்க்கு வைத்துப் பார்க்கவே கூடாது. லோகனை அதில் போட்டால் "குறைந்த ஆபத்து" என்று பச்சையாகக் காட்டும்.

வாசன், எனக்கு இடித்தது அந்த முதல் டாக்டர். எல்டிஎல் 5-ஐத் தாண்டி, அப்பா 44-இல் போயிருக்கிறார் என்றால் மூன்று மாதம் மட்டன் குறைக்கச் சொல்லி அனுப்பக் கூடாது. முதல் வாரத்திலேயே தைராய்டு, சிறுநீர், ஈரல் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு மந்தமாக இருந்தாலும் எல்டிஎல் இப்படி ஏறும், அதற்கு வைத்தியமே வேறு. அவை சரியாக இருந்தால் மாத்திரையை ஆரம்பித்துவிட்டு மட்டனைப் பற்றிப் பேசலாம். உங்கள் கதையில் தைராய்டை யாருமே பார்க்கவில்லை.

வாசன் (சாட்ஸ்வர்த்)

மல்லிகாக்கா, நன்றி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தைராய்டு பார்த்தார் என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஆனால் முதல் டாக்டரை மாற்ற மாட்டேன். அவர் தப்பாகச் செய்வதுதான் கதை. அம்மா கண்ணால் பார்த்துக் கரண்டி போடுகிறாள், டாக்டர் கண்ணால் பார்த்து மருந்து எழுதாமல் விடுகிறார்.

மல்லிகா (கேப்டவுன்)

மாற்ற வேண்டாம். ஆனால் மலரைப் படிக்கிற ஆயாக்களும் பெரியம்மாக்களும் அவர் சொன்னதைத்தான் பிடித்துக்கொள்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரோ (பீனிக்ஸ்)

கதை படித்து அழுதேன். ஆனால் தேவனுக்கு மாத்திரை கொடுக்காமல் விட்டது சரியில்லை. 104 கிலோ இருக்கிறான் பாவம். அந்த மாத்திரையும் ஒழுங்கில்லைதான். எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள், மூன்று வாரத்தில் தொடையெல்லாம் வலி, நிறுத்திவிட்டார். இப்போது வெந்தயமும் பூண்டும்தான். ஆள் நன்றாக இருக்கிறார், என்னைவிட ஒல்லி.

தங்கராஜ் (மாரிட்ஸ்பர்க்)

மருத்துவத்துக்குள் எனக்கு வேலையில்லை, கதைக்கு வருகிறேன். "நாற்பது வருஷ பாக்கி" கைதட்டல் வாங்குகிற வரி, அதனாலேயே எடுத்துவிடுங்கள். 46 வயது மனிதன் தன் தம்பிக்கு அப்பா செத்த நோய் என்று தெரிந்த வாரத்தில் கறிக்காகத் தட்டைத் தள்ளுவானா? அவன் அப்படிப்பட்டவன் என்றால் அதை முன்னாலேயே காட்டுங்கள். குண்டாக இருப்பவனை நம் கதைகளில் எப்போதும் ஒரு சிரிப்புக்காக வைக்கிறோம். இங்கேயும் கடைசிச் சிரிப்பு அவனிடம்தான் வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியது, லோகனின் மகள் வயதை டாக்டர் கேட்டாரே, அந்தப் பிள்ளை. அவளை அங்கேயே விட்டுவிட்டீர்கள்.

நவீன் (டர்பன் நார்த்)

நானும் காம்ரேட்ஸ் ஓடியவன்தான். லோகன் மாத்திரை எடுக்க ஆரம்பித்தால் அடுத்த கதை எனக்குத் தெரியும். நீண்ட ஓட்டம் முடிந்த திங்கட்கிழமை கால் வலிக்கிறது என்று டாக்டரிடம் போவான், டாக்டர் தசை நொதி பார்ப்பார், அது ஆயிரக்கணக்கில் இருக்கும், மாத்திரையை நிறுத்தச் சொல்வார். எங்கள் குழுவில் ஒருவருக்கு அப்படித்தான் நின்றது. 90 கிலோமீட்டர் ஓடினால் மாத்திரையே எடுக்காதவனுக்கும் அது அப்படித்தான் ஏறும். ஒரு வாரமாவது ஓடாமல் இருந்துவிட்டுப் பார்த்தால்தான் மாத்திரையா ஓட்டமா என்று தெரியும்.

மல்லிகா (கேப்டவுன்)

நவீன் சொன்னதை அப்படியே எழுதி ஒவ்வொரு ஓட்டக் கிளப்பிலும் ஒட்டலாம். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே, ஓய்வாக இருக்கும்போது ஒருமுறை அந்த நொதியைப் பார்த்து எழுதிவைத்துக்கொண்டால் பிறகு சண்டையே வராது.

சரோ, தேவனுக்கு வருகிறேன். எடை பெரும்பாலும் எல்டிஎல்லை ஏற்றுவதில்லை. டிரைகிளிசரைடு, சர்க்கரை, பிரஷர் இவற்றைத்தான் ஏற்றும். அதனால் குண்டானவருக்கு எல்டிஎல் 2.6 இருப்பதில் அதிசயம் எதுவுமில்லை, மெஷினும் மாற்றிக் காட்டவில்லை. அவருக்கு இன்றைக்குக் கொழுப்பு மாத்திரை தேவையில்லை. ஆனால் அடியிலிருந்து போட்டுச் சாப்பிடவும் லைசென்ஸ் கிடையாது. நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே எச்சரிக்கை, 104 கிலோவுக்கு அது எப்போதோ தாண்டியிருக்கும். முருகன் கேட்ட சர்க்கரைக் கேள்வி சரியான கேள்வி. மூன்று மாத சர்க்கரை அளவையும் பிரஷரையும் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். கதையில் தேவனுக்கு நார்மலாக இருப்பது எந்த நம்பர்? கொழுப்பு நம்பரை மட்டும்தானே சொல்லியிருக்கிறார் வாசன்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். தப்பாக நினைக்காதீர்கள், மாத்திரைக்கு முன்னால் அவருடைய எல்டிஎல் எவ்வளவு? வயது என்ன? கூடப்பிறந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

சரோ (பீனிக்ஸ்)

அவருக்கு 52. கிளினிக் அட்டையில் எட்டு என்னவோ போட்டிருக்கிறது, மொத்தமா எல்டிஎல்லா எனக்குத் தெரியாது. கொழுந்தனார் 39 வயதில் தவறிவிட்டார். அது சிகரெட்டு. நாத்தனாருக்குக் கண்ணுக்குக் கீழே மஞ்சளாக இரண்டு திட்டு உண்டு, அழகுக்கடையில் எடுத்தாள், மறுபடி வந்துவிட்டது. ஏன் கேட்கிறீர்கள்?

மல்லிகா (கேப்டவுன்)

ஏன் என்றால் நீங்கள் சொல்வது லோகனின் வீடு.

கண்ணுக்குக் கீழே மஞ்சள் திட்டு கொழுப்பு சரியாக இருக்கிறவர்களுக்கும் வரும், அதைத் தனியாக வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு, 39 வயதில் தம்பி, அக்காளுக்குத் திட்டு, மூன்றும் ஒரே தாய் வயிற்றில். எங்கள் கிளினிக்கில் இதற்குப் புள்ளி போடுவோம். லோகனுக்குப் போட்டுக் காட்டுகிறேன். எல்டிஎல் 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில், 5 புள்ளி. குதிநரம்பில் தடிப்பு, 6 புள்ளி. அப்பாவுக்கு இளவயதில் மாரடைப்பு, 1 புள்ளி. மொத்தம் 12. எட்டைத் தாண்டினாலே நிச்சயம். ஜீன் பரிசோதனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்காரரை நாற்காலியில் மண்டிபோடச் சொல்லி, பாதம் வெளியே தொங்கும்போது பின்னால் நின்று இரண்டு குதிநரம்பையும் பிடித்துப் பாருங்கள். உங்களுடையதையும் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தடிப்பு இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, பலருக்கு வருவதில்லை. இருந்தால் மட்டும் பேச்சு முடிந்தது.

மாத்திரை வலித்தது என்று அடியோடு விட்டது பெரிய நஷ்டம். மாத்திரையை மாற்றலாம், குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். வெந்தயம் எட்டோடு மல்லுக்கு நிற்காது.

முருகன் (டோங்காட்)

அக்கா, இது பரம்பரை என்றால் ஒரு தலைமுறை தாண்டி வரும் என்பார்களே. எங்கள் தாத்தாவுக்கு இருந்தது, அப்பாவுக்கு இல்லை, எனக்கு 6.2 மொத்தம். தேவனுக்கு இல்லாவிட்டாலும் அவன் பிள்ளைகளுக்கு வரலாம் இல்லையா?

மல்லிகா (கேப்டவுன்)

இது தாண்டாது தம்பி. அப்பாவிடம் கெட்ட ஜீன் ஒன்று, நல்ல ஜீன் ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா. லோகனுக்கு விழுந்தது, தேவனுக்கு விழவில்லை. விழாதவன் கொடுக்க முடியாது. தேவனின் பிள்ளைகள் இந்தக் கணக்கிலிருந்து வெளியே. லோகனின் மகளுக்கு மறுபடியும் பாதிக்குப் பாதி. உங்கள் 6.2 வேறு கதை, அப்பாவுக்கு இல்லை என்பது பார்த்துத் தெரிந்ததா, பார்க்காமல் தெரிந்ததா? முழுப் பரிசோதனை எடுத்து எல்டிஎல்லைத் தனியாகப் பாருங்கள்.

அந்த ஜீன் என்ன செய்கிறது என்று நோயாளிகளுக்கு நான் டர்பன் துறைமுகத்தை வைத்துத்தான் சொல்வேன். கல்லீரல்தான் துறைமுகம், எல்டிஎல் சரக்குக் கப்பல். கிரேன்களில் பாதி பிறவியிலேயே வேலை செய்யாது, கப்பல்கள் வெளியே கடலில் நிற்கும். கப்பல் அதிகமாக வரவில்லை, இறக்க ஆளில்லை. மாத்திரை செய்வது, மீதி இருக்கிற நல்ல கிரேன்களைப் பெருக்குவது. இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் கிடைத்தது. உலகத்தில் ஏறக்குறைய 250, 300 பேருக்கு ஒருவருக்கு இது உண்டு. இந்த நாட்டில் டச்சுக்காரர் வழிவந்த வெள்ளைக்கார ஆப்பிரிக்கானர்களிடம் 70, 80 பேருக்கு ஒருவர், சில குடும்பங்களிலிருந்து பெருகிய இனம் என்பதால். அதனால்தான் வெள்ளைக்கார நோய் என்று இங்கே ஒரு பேச்சு. நம்மவர்களிடம் தேடவில்லை, அவ்வளவுதான்.

தங்கராஜ் (மாரிட்ஸ்பர்க்)

வாசன், "விழாதவன் கொடுக்க முடியாது." உங்கள் கதையின் முடிவு இதற்குள்தான் எங்கேயோ இருக்கிறது. கறி இல்லை.

சரோ (பீனிக்ஸ்)

மல்லிகாக்கா, அவர் காலைப் பிடித்துப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே காட்டினார். தடிமனாகத்தான் இருக்கிறது. இரண்டும்.

இப்போது எனக்கு வேறு பயம். என் மகனுக்கு நாத்தனார் மகளைக் கேட்டிருக்கிறோம். முறைப்பெண். ஜனவரியில் பரிசம் போடுவதாகப் பேச்சு.

மல்லிகா (கேப்டவுன்)

சரோ, மெதுவாகப் படியுங்கள். பயப்பட வேண்டாம், ஆனால் பரிசத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

அப்பாவிடமிருந்து உங்கள் மகனுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு. நாத்தனாருக்கு இருக்கிறது என்றால் அவர் மகளுக்கும் பாதி வாய்ப்பு. இருவரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் அது சாதாரண விஷயம், மாத்திரை எடுத்துக்கொண்டு எல்லோரையும் போல வாழலாம். இருவருக்குமே இருந்தால் மட்டும், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பக்கமும் கெட்ட ஜீனாக அமைய. அந்தப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எல்டிஎல் 13, 15, 18. ஐந்தாறு வயதிலேயே முழங்கை, முழங்கால், விரலிடுக்கில் மஞ்சள் கட்டி. பதின்ம வயதில் நெஞ்சுவலி. நல்ல கிரேன் கிட்டத்தட்ட இல்லாததால் வழக்கமான மாத்திரை அவர்களிடம் அதிகம் ஏறாது.

இதைத் தெரிந்துகொள்ள ஜாதகம் பார்க்கிற நேரம்கூட ஆகாது. இருவருக்கும் ஒரு முழுக் கொழுப்புப் பரிசோதனை. மருந்துக்கடை விரல் குத்து மொத்தத்தை மட்டும் சொல்லும், அது முதல் சல்லடை.

நவீன் (டர்பன் நார்த்)

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் குழு நண்பர் அலைந்தது. மெடிக்கல் எய்ட் இருந்தால் டாக்டரிடம் நாட்பட்ட நோய்க்கான படிவம் நிரப்பச் சொல்லுங்கள், நோய்க் குறியீடு E78.0. பிறவிக் கொழுப்பு என்றும் குடும்ப வரலாறும் எழுத வேண்டும். வெறும் "கொலஸ்டிரால் அதிகம்" என்று போனால் அந்தப் பத்து வருட அட்டவணையைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

முருகன் (டோங்காட்)

மாத்திரை போட்டால் லோகனின் 7.1 எங்கே வரும்? அதையும் சொல்லிவிடுங்கள். பாதிக்குமேல் வராது என்றால் என்ன பிரயோசனம்?

மல்லிகா (கேப்டவுன்)

அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை 40 மில்லிகிராம் கொடுத்தால் ஏறக்குறைய பாதி, 3.6 பக்கம். 80 ஆக்கினால் இரட்டிப்பாக இறங்கும் என்று நினைப்பார்கள், இன்னும் ஒரு ஆறு சதவீதம்தான் இறங்கும், 3.2 என்று வையுங்கள். கூடவே எசெட்டிமைப் என்கிற இன்னொரு மாத்திரையைச் சேர்த்தால் 2.6. ஆரம்பித்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். இவர்களுக்கு இலக்கு 1.8-க்குக் கீழே. ஆக, வாயில் போடுகிற இரண்டு மாத்திரையும் சேர்ந்தே லோகனைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவரவில்லை. அதற்கு மேல் ஊசி இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒன்று, இன்னொரு பாதியை இறக்கும். விலையைக் கேட்டால் காம்ரேட்ஸ் ஓடிவிடலாம். ஆனால் தேவனுக்கு இயற்கையாக இருக்கிற அதே 2.6-க்குத் தம்பி மாத்திரையால் வந்து நிற்கிறான் பாருங்கள். அது சின்ன விஷயம் இல்லை. 20 வயதில் ஆரம்பித்திருந்தால் இன்னும் நன்று. மகளுக்குப் பத்து வயதுக்குள் ரத்தம் பார்க்கச் சொல்வது அதற்குத்தான்.

வாசன் (சாட்ஸ்வர்த்)

தங்கராஜ் ஐயா, முடிவை மாற்றிப் பார்த்தேன். கரண்டி நிற்கிற இடம் வரை அப்படியே. அதற்குப் பிறகு:

*தேவன் சாப்பிடவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய் வெருலத்திலும் ஸ்டேங்கரிலும் இருக்கிற சித்தப்பா பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்றான். "உனக்கு என்ன, உனக்குத்தான் இல்லையே," என்றான் ஒருவன், அவன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு. "இல்லாததாலதான் வந்தேன். லோகன் வந்தா பயந்துடுவீங்க. பிள்ளைகளோட கையைக் காட்டுங்க."*

தங்கராஜ் (மாரிட்ஸ்பர்க்)

இது தேவலை. "வயிற்றைப் பார்த்துக்கொண்டு" நல்லது. ஆனால் "பயந்துடுவீங்க" என்பதை நான் நம்பவில்லை. ஒல்லியான லோகன் வந்தால்தானே இன்னும் நம்ப மாட்டார்கள்?

முருகன் (டோங்காட்)

எனக்குப் பழைய முடிவுதான் பிடித்திருந்தது. மலர் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வேண்டாமா?

சரோ (பீனிக்ஸ்)

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். மகனுக்கு எல்டிஎல் 2.9. சின்ன மகளுக்கு 6.1. நாத்தனார் வீட்டில் பெண்ணுக்குப் பார்க்க மாட்டோம் என்கிறார்கள், பரிசத்துக்கு முன்னால் ஊசி குத்தினால் ஊர் பேசுமாம்.

மல்லிகா (கேப்டவுன்)

மகனுக்கு 2.9 என்றால் அவனுக்கு விழவில்லை. கல்யாணத்துக்குத் தடை எதுவும் இல்லை, பரிசம் போடுங்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பார்க்க வேண்டியது பரிசத்துக்காக இல்லை, அவளுக்காக. நாத்தனாருக்கே முதலில் பார்க்கச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு ஊசி போட்டால் ஊர் பேசாது.

சின்ன மகளுக்கு வயது என்ன? கல்யாணம் ஆனவளா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்தால், பிள்ளை பெறத் திட்டமிடும்போது டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கர்ப்பகாலத்தில் பெரும்பாலும் நிறுத்திவைப்பார்கள். வீட்டுக்காரர் மாத்திரைக்கு ஒத்துக்கொண்டாரா?

சரோ (பீனிக்ஸ்)

அவளுக்கு 23, வேலைக்குப் போகிறாள். அவர் இன்னும் வெந்தயம்தான். மகளோட நம்பரைப் பார்த்ததிலிருந்து பேசவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிப்போகிறேன்.